கலப்பெண் வகுத்தல் சரியா? இணையைக் கொண்டு சோதிக்கும் வழி

இந்தக் கணக்கைப் பாருங்கள்:

(7 + 4j) / (3 − 2j)

டர்பனில் தொழிற்கல்வி தரும் டிவெட் கல்லூரியில் என்4 நிலைக் கணிதம் எடுத்திருக்கும் பிள்ளைகள் ஆரம்பத்திலேயே சந்திக்கும் வகைக் கணக்கு இது. நாலு பேரிடம் கொடுத்தால் நாலு விடை வரும். ஒருவர் 1 + 2j என்பார். இன்னொருவர் 5.8 + 5.2j என்பார். மேலே உள்ள 7ஐக் கீழே உள்ள 3ஆலும், 4ஐ −2ஆலும் வகுத்துவிட்டு 2.33 − 2j என்று நீட்டுவார் ஒருவர். கால்குலேட்டரில் அவசரமாகத் தட்டியவருக்கு 7 − 0.67j வந்திருக்கும். புத்தகத்தின் பின்பக்கத்தைப் பார்க்காமல் இவற்றில் எது சரி என்று எப்படிச் சொல்வது, தவறானவை எங்கே தடம் மாறின என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் குறியீடு. j என்பது தன்னைத் தானே பெருக்கினால் −1 தரும் எண். அதாவது j² = −1. கணிதப் புத்தகங்களில் இதையே i என்று எழுதுவார்கள். மின்துறையில் i என்ற எழுத்தை மின்னோட்டம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டதால் j. என்4 பாடம் பொறியியல் படிப்பவர்களுக்கானது என்பதால் நானும் j என்றே எழுதுகிறேன். 7 + 4j என்ற கலப்பெண்ணில் 7 மெய்ப்பகுதி, 4 கற்பனைப்பகுதி. பின்னத்தில் மேலே இருப்பதைத் தொகுதியெண் என்றும் கீழே இருப்பதைப் பகுதியெண் என்றும் சொல்லிக்கொள்வோம்.

கலப்பெண்களைக் கூட்டுவதும் கழிப்பதும் சுலபம். பெருக்குவதும் சுலபம்தான். அடைப்புக்குறிகளை விரித்து, j² வரும் இடத்தில் −1ஐப் போட்டால் முடிந்தது. வகுத்தல்தான் இடிக்கிறது. 3 − 2j என்ற ஒன்றால் எதையும் நேரடியாக வகுக்க நமக்குத் தெரியாது. 13ஆல் வகு என்றால் தெரியும், ஏனென்றால் அது வெறும் மெய்யெண். மேலே உள்ள இரண்டு பகுதிகளையும் தனித்தனியே 13ஆல் வகுத்தால் போதும். ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான். பின்னத்தின் மதிப்பு மாறாமல், கீழே இருப்பதை மட்டும் மெய்யெண்ணாக்க வேண்டும்.

அதற்குத்தான் இணைக் கலப்பெண். வகுப்பில் கான்ஜுகேட் என்று சொல்வது இதைத்தான். 3 − 2j என்பதன் இணை 3 + 2j. மெய்ப்பகுதி அப்படியே நிற்கும், கற்பனைப்பகுதியின் குறி மட்டும் மாறும். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்:

(3 − 2j)(3 + 2j) = 9 + 6j − 6j − 4j² = 9 + 4 = 13

நடுவில் +6j, −6j இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. கடைசியில் இருந்த −4j² என்பது −4 × −1, அதாவது +4 ஆயிற்று. எந்தக் கலப்பெண்ணையும் a + bj என்று எழுதினால், அதை அதன் இணையால் பெருக்கும்போது எப்போதும் a² + b² வரும். j இருக்காது, குறியும் எதிர்மறையாக இருக்காது. 1545இல் இத்தாலிய மருத்துவரும் கணிதரும் ஆன கார்டானோ, கூட்டினால் 10, பெருக்கினால் 40 வரும் இரண்டு எண்களைத் தேடியபோது 5 + √−15, 5 − √−15 என்ற ஜோடியில் போய் நின்றார். அவர் பெருக்கிக் காட்டியது 25 − (−15) = 40. மேலே நாம் செய்த அதே பெருக்கல்தான். அந்த எண்களுக்கு என்ன பொருள் என்று அவருக்கே திருப்தி இல்லை என்றாலும் கணக்கு சரியாகவே வந்தது.

கீழே 3 + 2jஆல் பெருக்கினால் மேலேயும் 3 + 2jஆல் பெருக்க வேண்டும். அப்போதுதான் பின்னத்தை 1ஆல் பெருக்கியதாக ஆகும், மதிப்பு மாறாது. மேலே நடப்பதைப் பொறுமையாக விரிப்போம்:

(7 + 4j)(3 + 2j) = 21 + 14j + 12j + 8j²

8j² என்பது −8. எனவே 21 − 8 = 13 மெய்ப்பகுதி; 14j + 12j = 26j கற்பனைப்பகுதி. மேலே 13 + 26j, கீழே 13. வகுத்தால் 1 + 2j. முதலில் சொன்ன விடைதான் சரி.

இதுவரை எல்லாப் புத்தகத்திலும் இருப்பதுதான். இனிமேல்தான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. இணையால் பெருக்கும் வழி வெறும் வகுக்கும் வழி மட்டும் இல்லை. போகும் வழியிலேயே அது நமக்கு அடையாளங்களைக் காட்டிக்கொண்டே போகிறது. அவற்றைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதித் தவறுகள் விடை எழுதும் முன்பே பிடிபடும்.

முதல் அடையாளம் பகுதியெண். பெருக்கி முடித்ததும் கீழே j மிச்சம் இருந்தால், நீங்கள் எடுத்த எண் இணை அல்ல. குறியை மாற்ற மறந்து 3 − 2jஆலேயே பெருக்கியிருந்தால் கீழே 9 − 12j + 4j², அதாவது 5 − 12j வந்திருக்கும். j இன்னும் உட்கார்ந்திருக்கிறது. மேலே போய் எதையும் சரிபார்க்க வேண்டாம், அங்கேயே நிறுத்தலாம். சிலர் தொகுதியெண்ணின் இணையை எடுத்துவிடுவார்கள், அதாவது 7 − 4j. அப்போது மேலே 49 + 16 = 65 என்று அழகாக வந்துவிடும். ஆனால் கீழே (3 − 2j)(7 − 4j) = 13 − 26j. பின்னத்தின் மதிப்பு மாறவில்லை என்பதால் இதைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் புறப்பட்ட இடத்திலேயேதான் நிற்கிறோம். j கீழே இருந்து போகவே இல்லை.

கீழே j இல்லை என்பது மட்டும் போதாது, எண்ணின் அளவையும் பார்க்க வேண்டும். முதலில் பார்த்த 5.8 + 5.2j எப்படி வந்தது தெரியுமா? j² வந்த இடத்திலெல்லாம் 1ஐப் போட்டிருக்கிறார். கீழே 9 − 4 = 5, மேலே 21 + 8 = 29. எனவே (29 + 26j)/5. இங்கே கீழே உள்ள 5 ஒரு மெய்யெண்தான், பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் a² + b² என்பது இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை. அது அந்த இரண்டில் எதைவிடவும் சிறியதாக வரவே முடியாது. 3இன் வர்க்கம் 9 இருக்கும்போது கீழே 5 எப்படி வரும்? அந்த ஒரு பார்வையிலேயே, எங்கோ கூட்ட வேண்டியதைக் கழித்திருக்கிறோம் என்று தெரிந்துவிடும். என் அனுபவத்தில் இந்த வகைத் தவறு செய்பவர்கள் கீழேயும் மேலேயும் சேர்த்தேதான் செய்வார்கள். கீழே பிடிபட்டால் மேலேயும் போய்த் திருத்துங்கள்.

அடுத்தது விடை வந்த பிறகு செய்யும் அளவுச் சோதனை. ஒரு கலப்பெண்ணின் மட்டு என்பது அது பூச்சியத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பது. அதன் வர்க்கம் a² + b². வகுக்கும்போது மட்டுகளும் வகுபடும். வர்க்கமூலம் எடுக்கவே தேவையில்லை, வர்க்கங்களோடேயே நிறுத்திக்கொள்ளலாம். மேலே 49 + 16 = 65. கீழே 9 + 4 = 13. 65ஐ 13ஆல் வகுத்தால் 5. விடை 1 + 2j என்றால் 1 + 4 = 5. பொருந்துகிறது. 2.33 − 2j என்று பகுதி பகுதியாக வகுத்தவருக்கு ஏறத்தாழ 5.4 + 4 = 9.4 வரும். பொருந்தவில்லை. கால்குலேட்டரில் வந்த 7 − 0.67jக்கு 49க்கு மேலே போகிறது. அதுவும் இல்லை.

கால்குலேட்டர் பொய் சொல்லுமா என்று கேட்பீர்கள். அது பொய் சொல்லவில்லை. கலப்பெண் முறைக்கு மாற்றிவிட்டு 7+4i÷3−2i என்று அடைப்புக்குறி இல்லாமல் தட்டினால், அது முதலில் 4iயை மட்டும் 3ஆல் வகுக்கும், பிறகு 7ஐக் கூட்டி 2iயைக் கழிக்கும். 1.33i − 2i = −0.67i. நாம் கேட்டதற்குத்தான் பதில் சொன்னது. நாம் கேட்டதுதான் வேறு. (7+4i)÷(3−2i) என்று தட்ட வேண்டும். கணினியிலும் இதே கதைதான். பைத்தான் மொழியில் மின்துறைக்காரர்களைப் போலவே j என்று எழுதுவார்கள்:

```python
7+4j/3-2j
(7+4j)/(3-2j)
```

முதல் வரியும் இரண்டாம் வரியும் வெவ்வேறு கணக்குகள்.

அளவுச் சோதனையில் ஒரு ஓட்டை உண்டு, அதுவும் பெரிய ஓட்டை. அது குறியைப் பார்க்காது. 1 + 2jக்கும் 1 − 2jக்கும் −1 − 2jக்கும் ஒரே மட்டுதான். கலப்பெண் வகுத்தலில் பிள்ளைகள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை குறித் தவறுகள் என்பதால், அளவு பொருந்துகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது.

இதற்கு என் அக்கா மகன் கொண்டுவந்த ஒரு கணக்கைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. பக்கத்துத் தெருவில், சாட்ஸ்வொர்த்திலேயே இருக்கிறான், மின்துறையில் என்4. கணக்கு இது:

(10 + 11j) / (4j − 1)

அவன் இணையால் பெருக்கிச் செய்திருந்தான், விடை −2 + 3j. சந்தேகம் தீர அதையே, எண்ணை மட்டும் கோணமுமாக எழுதும் துருவ வடிவத்திலும் செய்து பார்த்திருந்தான். அங்கேயும் −2 + 3j. "ரெண்டு வழியிலயும் ஒண்ணுதான் வருது மாமா. புத்தகத்துல 2 − 3jன்னு போட்டிருக்கான். அச்சுப்பிழைதானே?" என்றான்.

நியாயமான கேள்வி. இரண்டு தனித்தனி வழிகள் ஒரே விடையைத் தந்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். அளவுச் சோதனையும் அவன் பக்கம்தான். மேலே 100 + 121 = 221. கீழே 16 + 1 = 17. 221ஐ 17ஆல் வகுத்தால் 13. −2 + 3jக்கு 4 + 9 = 13. எல்லாம் பொருந்துகிறது.

"பெருக்கித் திருப்பிப் பார்த்தியா?" என்று கேட்டேன். பார்க்கவில்லை. உட்கார்ந்து பெருக்கினோம்:

(−2 + 3j)(4j − 1) = −8j + 2 + 12j² − 3j = −10 − 11j

வர வேண்டியது 10 + 11j. வந்தது அதன் நேர் எதிர். புத்தகத்தில் அச்சுப்பிழை இல்லை.

இப்போது அவன் நோட்டைப் பார்ப்போம். 4j − 1 என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும், "நடுவில் உள்ள குறியை மாற்று" என்ற பழக்கத்தில் 4j + 1 என்று எழுதியிருக்கிறான். ஆனால் இந்த எண்ணில் மெய்ப்பகுதி −1, கற்பனைப்பகுதி 4. ஒழுங்காக எழுதினால் −1 + 4j. அதன் இணை −1 − 4j. அவன் எடுத்த 1 + 4j என்பது அந்த இணையை −1ஆல் பெருக்கியது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதுவும் வேலை செய்யும். கீழே (4j − 1)(4j + 1) = 16j² − 1 = −17. j போய்விட்டது. மேலே:

(10 + 11j)(1 + 4j) = 10 + 40j + 11j + 44j² = −34 + 51j

−34 + 51jஐ −17ஆல் வகுத்தால் 2 − 3j. சரியான விடையே வந்துவிடும்! ஆனால் அவன் கீழே பெருக்கவே இல்லை. "இணையால் பெருக்கினால் a² + b²" என்று மனப்பாடமாகத் தெரிந்ததால் நேராக 16 + 1 = 17 என்று எழுதிவிட்டான். சூத்திரம் உண்மையான இணைக்குத்தான் பொருந்தும். அவன் எடுத்தது இணையின் எதிர்மறை என்பதால் கீழே −17 வர வேண்டும். அந்த ஒரு குறி, விடை முழுவதையும் தலைகீழாக்கிவிட்டது.

சரி, துருவ வடிவத்தில் ஏன் அதே தவறு வந்தது? அங்கே அவன் வேறொரு பள்ளத்தில் விழுந்திருந்தான். துருவ வடிவத்தில் வகுக்கும்போது மட்டுகளை வகுக்க வேண்டும், வீச்சுகளைக் கழிக்க வேண்டும். வீச்சு என்பது அந்த எண் எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்லும் கோணம். 10 + 11jக்கு அது 47.73°. −1 + 4jக்குக் கால்குலேட்டரில் tan⁻¹(4 ÷ −1) என்று தட்டினால் −75.96° என்று காட்டும். ஆனால் மெய்ப்பகுதி எதிர்மறையாகவும் கற்பனைப்பகுதி நேர்மறையாகவும் இருக்கும் எண் இரண்டாம் கால்வட்டத்தில் இருக்கும். அதன் உண்மையான வீச்சு 180° கூட்டி 104.04°. tan⁻¹ பொத்தானுக்கு 4 ÷ −1ஐயும் −4 ÷ 1ஐயும் பிரித்துப் பார்க்கத் தெரியாது; அதன் கைக்குக் கிடைப்பது −4 என்ற ஒற்றை எண்தான். அவன் 47.73 − (−75.96) = 123.69° என்று எடுத்தான். எடுத்திருக்க வேண்டியது 47.73 − 104.04 = −56.31°. இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 180°. 180° திருப்பினால் எண்ணின் இரண்டு பகுதிகளின் குறியும் மாறும். 2 − 3jக்குப் பதில் −2 + 3j.

ஆக, காரணம் வேறு வேறு, விளைவு ஒன்று. ஒரு பக்கம் இணையின் குறி, இன்னொரு பக்கம் கால்வட்டம். இரண்டும் எண் முழுவதையும் −1ஆல் பெருக்கும் வகைத் தவறுகள். அதனால் இரண்டு தவறான விடைகளும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொண்டன. பகுதியெண்ணின் மெய்ப்பகுதி எதிர்மறையாக இருக்கும் கணக்குகளில் இப்படி நடக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஏனென்றால் 4j − 1 மாதிரி மாற்றி எழுதத் தூண்டுவதும் அந்த எண்கள்தான், tan⁻¹ ஏமாற்றுவதும் அந்த எண்களில்தான். அப்படி ஒரு பகுதியெண்ணைப் பார்த்தால் முதல் வேலையாக மெய்ப்பகுதியை முன்னால் வைத்துத் திருப்பி எழுதிக்கொள்ளுங்கள். இணையை எடுத்த பிறகு கீழே உள்ள பெருக்கலையும் ஒரு வரியாவது எழுதுங்கள். மனப்பாடச் சூத்திரத்தை அதன் பிறகு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

பெருக்கித் திருப்பிப் பார்ப்பது ஏன் இவ்வளவு நம்பகமானது என்றால், அதில் இணையே இல்லை. கோணமும் இல்லை. வகுத்தல் என்பதன் பொருளையே அது நேராகக் கேட்கிறது: விடையைப் பகுதியெண்ணால் பெருக்கினால் தொகுதியெண் வருகிறதா? முதல் கணக்கில் (1 + 2j)(3 − 2j) = 3 − 2j + 6j − 4j² = 7 + 4j. வந்துவிட்டது. 1 − 2j என்று எழுதியிருந்தால் −1 − 8j வந்திருக்கும், அளவுச் சோதனை விட்டுவைத்ததை இது பிடித்திருக்கும். j² = −1 என்பதையே மறக்கிறவருக்கு மட்டும் இது உதவாது; அவர் திருப்பிப் பெருக்கும்போதும் அதையே மறப்பார். அவருக்குப் பகுதியெண்ணின் அளவைப் பார்க்கும் வழிதான் காப்பு.

இனி ஒரு மின்சுற்று. வீட்டு மின்சாரம் இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒரு சுருளின் மின்தடை 6 ஓம், 50 ஹெர்ட்ஸில் அதன் தூண்டல் எதிர்ப்பு 8 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் சேர்த்து 6 + 8j என்று ஒரே கலப்பெண்ணாக எழுதுவது மின்துறை வழக்கம். மாறுதிசை மின்னோட்டக் கணக்குகளைக் கலப்பெண்களால் போடும் இந்த முறையை 1893இல் மின்பொறியாளர் ஸ்டைன்மெட்ஸ் சிகாகோவில் நடந்த மின்துறை மாநாட்டில் முன்வைத்தார். மின்னோட்டம் வேண்டுமானால் மின்னழுத்தத்தை அந்த எண்ணால் வகுக்க வேண்டும்:

230 / (6 + 8j)

மின்துறையில் இதைப் பெரும்பாலும் துருவ வடிவத்தில்தான் செய்வார்கள். 6 + 8jஇன் மட்டு 10, வீச்சு 53.13°. எனவே மின்னோட்டம் 23 ஆம்பியர், கோணம் −53.13°. இப்போது இணையைக் கொண்டு சோதிப்போம். 6 − 8jஆல் மேலும் கீழும் பெருக்கினால் கீழே 36 + 64 = 100. மேலே 1380 − 1840j. ஆகவே 13.8 − 18.4j. 13.8இன் வர்க்கம் 190.44, 18.4இன் வர்க்கம் 338.56, கூட்டினால் 529, அது 23இன் வர்க்கம். இரண்டு வழியும் சந்தித்துவிட்டன. மெய்ப்பகுதி நேர்மறையாக இருப்பதால் கால்வட்டச் சிக்கலும் இல்லை.

இங்கே குறிக்கு ஒரு பௌதிகப் பொருளும் உண்டு. சுருள் இருக்கும் சுற்றில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கி வரும். அதனால்தான் கற்பனைப்பகுதி எதிர்மறையாக வருகிறது. யாராவது 13.8 + 18.4j என்று எழுதினால், அது சுருள் அல்ல, மின்தேக்கி இருக்கும் சுற்றின் விடை. பெருக்கிப் பார்க்காமலேயே மின்துறைக்காரர் ஒருவர் இதைத் தவறு என்பார். கணிதப் பாடத்தில் இந்த வசதி கிடைக்காது. இதே காரணத்தால்தான் மின்துறைப் பிள்ளைகளிடம் எண்களோடு சேர்த்து அலகுகளையும் எழுதச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் இங்கே கவனியுங்கள். 53.13° என்பதை யாராவது 53° என்று முழுதாக்கிக்கொண்டு திரும்பச் செவ்வக வடிவத்துக்கு மாற்றினால் 13.84 − 18.37j வரும். இணை வழியில் வந்தது 13.8 − 18.4j. இது தவறு அல்ல, தசமத்தைக் குறைத்ததால் வந்த சிறு விலகல். இணை வழியின் ஒரு நல்ல குணம் இது: எண்கள் முழு எண்களாக இருந்தால் விடை சரியான பின்னமாகவே வரும், கோணத்தை எங்கும் தொடுவதில்லை.

பகுதியெண் வெறும் கற்பனை எண்ணாக இருந்தால் இவ்வளவு பாடு வேண்டாம். (6 + 8j)/(2j) என்றால் மேலும் கீழும் jயால் பெருக்கினாலே போதும். மேலே 6j − 8, கீழே −2. விடை 4 − 3j. இங்கேயும் கீழே எதிர்மறைக் குறி வருவதைக் கவனித்தீர்களா? காரணம் முன்பு சொன்னதுதான். 2jயின் உண்மையான இணை −2j.

கடைசியாக, எண்கள் அழகாக வராத கணக்குகள். தேர்வில் இவைதான் அதிகம். 1/(3 + 7j) என்று வைத்துக்கொள்வோம். இணையால் பெருக்கினால் 3/58 − (7/58)j. தசமத்தில் நான்கு இடம்வரை 0.0517 − 0.1207j. இதைத் திருப்பிப் பெருக்கிப் பார்த்தால்:

(0.0517 − 0.1207j)(3 + 7j) = 1.0000 − 0.0002j

சரியாக 1 வரவில்லையே என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவையில்லை. நான்காம் இடத்துக்கு மேல் நாம் வெட்டிய தசமங்கள் 3ஆலும் 7ஆலும் பெருகி அங்கே வந்து நிற்கின்றன, அவ்வளவுதான். இரண்டு இடத்தோடு நிறுத்தி 0.05 − 0.12j என்று எழுதியிருந்தால் 0.99 − 0.01j வந்திருக்கும், விலகல் கூடியிருக்கும், அதுவும் எதிர்பார்க்கக்கூடியதே. எத்தனை இடம்வரை எழுதினீர்களோ அதன் கடைசி இடத்தை ஒட்டியே விலகல் இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் தசமத்தை விட்டுவிட்டு 58ஐக் கீழே வைத்தபடியே பெருக்குங்கள்: (3 − 7j)(3 + 7j) = 58, 58ஐ 58ஆல் வகுத்தால் 1.

குறி தவறியிருந்தால் இப்படி நெருங்கியே வராது. 0.0517 + 0.1207j என்று எழுதியிருந்தால் திருப்பிப் பெருக்கும்போது −0.69 + 0.72j வரும். அது 1இலிருந்து விலகியிருக்கும் தூரத்துக்குத் தசமத்தைக் காரணம் காட்ட முடியாது.